இரண்டு படி தெரிய எந்த அமிலம்? ஆக்சாலிக்கும் மாலியிக்கும்

கோபிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு pH மீட்டர் வைத்துச் செய்யும் ஒரு சோதனை உண்டு. இருகாரத்துவ அமிலம் ஒன்றைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்து, வரைகோடு போட்டு, இரண்டு சமானப் புள்ளிகளையும் குறிக்க வேண்டும். பல வருடமாக அதற்கு ஆக்சாலிக் அமிலத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தோம். அது எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் கை பழகிய பொருள். பெயரைக் கேட்டதும் வாய்பாட்டைச் சொல்லிவிடுவார்கள்.

போன வருடம் ஒரு மாணவி தன் வரைகோட்டை எடுத்துவந்து காட்டினாள். "சார், ரெண்டாவது ஏற்றம் நல்லா வந்துருச்சுங்க. முதல் ஏற்றத்த எங்க குறிக்கறதுங்க? எனக்கு வளையவே மாட்டேங்குது." அவள் புள்ளிகள் சுத்தமாக இருந்தன. மீட்டரும் சரியாக இருந்தது. பக்கத்து மேசையில் இன்னொருவன் 10 மி.லி.யில் அழகான படி ஒன்றை வரைந்து வைத்திருந்தான். அவன் அளவீடுகளை வாங்கிப் பார்த்தால் அந்தப் படி எண்களில் இல்லை, பென்சிலில்தான் இருந்தது. 10-இல் வர வேண்டும் என்று தெரிந்து வரைந்திருக்கிறான். அன்றைக்குத்தான் இந்தச் சோதனைக்கு எந்த அமிலம் சரி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கையும் முடிவையும் இங்கே எழுதுகிறேன், இதே சோதனையை நடத்தும் மற்றவர்களுக்குப் பயன்படும்.

நாங்கள் வைக்கும் அளவு இதுதான். ஆக்சாலிக் அமிலம் 0.05 M, பிப்பெட்டில் 20 மி.லி. பியூரெட்டில் 0.1 M சோடியம் ஹைட்ராக்சைடு. இரண்டு நீர் மூலக்கூறுள்ள படிகத்தின் மூலக்கூறு எடை 126, ஆகவே 250 மி.லி. கரைசலுக்கு 1.576 கிராம் எடுத்தால் போதும். முதல் ஹைட்ரஜன் 10 மி.லி.யில் முடியும், இரண்டாவது 20 மி.லி.யில். காகிதத்தில் இதைவிட ஒழுங்கான கணக்கு கிடையாது.

போட்டிக்கு எடுத்துக்கொண்டது மாலியிக் அமிலம். அதுவும் இரண்டு கார்பாக்சில் தொகுதி உள்ளதுதான். ஆக்சாலிக்கின் இரண்டு pKa மதிப்புகள் சுமார் 1.25, 4.27. மாலியிக்குக்குச் சுமார் 1.92, 6.23. முன்னதில் இடைவெளி 3, பின்னதில் 4.3. வித்தியாசம் ஒன்றேகால் அலகுதானே என்று தோன்றும். மடக்கை அளவில் அது இருபது மடங்கு.

ஒரே அளவு, ஒரே செறிவு வைத்து இரண்டுக்கும் சமன்பாட்டில் போட்டு வந்த pH மதிப்புகள் இவை:

| சேர்த்த காரம் (மி.லி.) | ஆக்சாலிக் | மாலியிக் |
|---|---|---|
| 0 | 1.50 | 1.72 |
| 5 | 1.90 | 2.20 |
| 9 | 2.59 | 3.03 |
| 10 | 2.98 | 4.14 |
| 11 | 3.40 | 5.28 |
| 15 | 4.27 | 6.23 |
| 19.9 | 6.27 | 8.23 |
| 20.1 | 10.40 | 10.40 |

9-லிருந்து 11 வரைக்கும் உள்ள வரிகளை மட்டும் பாருங்கள். மாலியிக் இரண்டே கால் அலகு ஏறுகிறது. ஆக்சாலிக் 0.8 அலகுதான். இன்னும் நெருங்கி 9.9-க்கும் 10.1-க்கும் நடுவில் பார்த்தால், மாலியிக் சுமார் அரை அலகு தாவுகிறது. ஆக்சாலிக் 0.09 நகர்கிறது. ஒரு சொட்டு 0.05 மி.லி. என்று வைத்தால், ஆக்சாலிக்கின் முதல் சமானப் புள்ளியில் ஒரு சொட்டுக்கு pH மாறுவது 0.02 மட்டும். எங்கள் மீட்டர் சும்மா நிற்கும்போதே அந்த அளவுக்கு ஆடும்.

ஆக, அந்த மாணவி சொன்னது சரி. வளைவு அங்கே இல்லாமல் இல்லை. சரிவு மி.லி.க்கு 0.45 வரை போய்விட்டு, அப்புறம் 15 மி.லி. பக்கம் 0.17-க்கு இறங்குகிறது. ஆனால் அந்த உச்சம் தட்டையான மேடு. 9.8-லிருந்து 10.3 வரை சரிவு ஏறக்குறைய ஒன்றுதான். சரிவைக் கணக்கிட்டு, ஏற்றம் அதிகமாக உள்ள இடத்தைப் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 0.2 மி.லி. வீதம் சேர்த்தால் ஒவ்வொரு தடவையும் pH 0.09 ஏறும். மீட்டர் கடைசி இலக்கத்தில் ஒன்று இப்படி அப்படிப் போனாலே சரிவில் 0.05-க்குக் குறையாத பிழை வந்துவிடும். நாம் தேடும் மேட்டின் உயரமே அவ்வளவுதான். அப்படிப் பிடித்த புள்ளியில் 0.3 மி.லி. முன்பின் இருக்கும், அதாவது 10-இல் 3 விழுக்காடு. தரம்பார்க்கும் வேலையில் இதை அளவு என்று யாரும் எழுத மாட்டார்கள்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதை மாணவர்களுக்கு நான் ஒரே கேள்வியாக வைப்பேன். 10 மி.லி. முடிந்த இடத்தில் குடுவைக்குள் யார் யார் இருக்கிறார்கள்? பாடத்தில், ஒரு ஹைட்ரஜன் போன ஹைட்ரஜன் ஆக்சலேட்டு அயனி மட்டும்தான் இருக்கிறது என்று எழுதுவோம். உண்மையில் அது கொஞ்சம் தனக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் செய்கிறது. ஒரு அயனி இன்னொன்றுக்கு ஹைட்ரஜனைக் கொடுத்து, அது ஆக்சாலிக் அமிலமாகிறது, இது ஆக்சலேட்டாகிறது. கரைசலின் செறிவு போதுமானதாக இருந்தால், இப்படிப் பிரிந்துபோகும் பங்கு K1/K2 விகிதத்தை மட்டும் பொறுத்தது. அதன் வர்க்கமூலத்தோடு 2-ஐக் கூட்டி, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். ஆக்சாலிக்குக்கு விகிதம் சுமார் 1,050. வர்க்கமூலம் 32.4. பங்கு 2.9 விழுக்காடு. மாலியிக்குக்கு வர்க்கமூலம் 143, பங்கு 0.7 விழுக்காடு. பிரிந்த பங்கு அதிகமானால் அந்த இடத்தில் கரைசல் தாங்கல் கரைசல்போல நடந்துகொள்ளும். தாங்கல் உள்ள இடத்தில் pH தாவாது.

சக்சினிக் அமிலத்தையும் சேர்த்துப் பார்த்தேன், அது அலமாரியில் இருந்ததால். அதன் pKa மதிப்புகள் 4.21, 5.64. பிரிந்த பங்கு 14 விழுக்காடு. 9-லிருந்து 11 வரை pH 0.3 மட்டுமே நகர்கிறது. கோடு கிட்டத்தட்ட நேராகப் போகிறது. கணிதப்படி விகிதம் 16-ஐத் தாண்டினால்தான் முதல் புள்ளியில் திருப்பமே உண்டாகும். சக்சினிக்கின் விகிதம் 27. அதாவது திருப்பம் கணக்கில் உண்டு, கண்ணில் கிடையாது. அதை ஒதுக்கிவிட்டேன்.

இடைவெளி மட்டும் பார்த்தால் ஆக்சாலிக் இன்னும் கொஞ்சம் நன்றாக வர வேண்டும். அதைக் கெடுப்பது இன்னொரு காரணம். இதைப் பாடத்தில் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆக்சாலிக்கின் முதல் ஹைட்ரஜன் ரொம்ப எளிதாகப் போய்விடுகிறது. 0.05 M கரைசலின் தொடக்க pH 1.50. pKa1 1.25. வரைகோடு தொடங்கும் இடமே pKa1-க்கு மேலே இருக்கிறது! அதாவது pH = pKa1 என்ற இடத்தை இந்தத் தரம்பார்த்தல் ஒருபோதும் தொடுவதில்லை. முதல் பாதியில் தாங்கல் மேடு கிடையாது. வலிமை மிக்க அமிலத்தைத் தரம்பார்ப்பதுபோல் தொடங்கி, மெல்ல ஏறி, அப்படியே இரண்டாவது தாங்கலுக்குள் நுழைந்துவிடுகிறது.

இதனால் வரும் தப்பு பரீட்சைத் தாளில் வருடா வருடம் வரும். முதல் அரைச் சமானப் புள்ளி 5 மி.லி., அங்கே pH 1.90, ஆகவே pKa1 = 1.90 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாவதற்கு அந்த முறை ஒத்துவரும். 15 மி.லி.யில் pH-ஐப் படித்தால் pKa2-ஐ ஒட்டி வரும். முதலாவதற்கு ஒத்துவராது, ஏனென்றால் அங்கே அமிலம் தானாகப் பிரிந்து கொடுத்த ஹைட்ரஜன் அயனிகளை நாம் கணக்கில் விட்டுவிட்டோம்.

அதைச் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம். 5 மி.லி. சேர்த்ததும் மொத்தக் கனஅளவு 25 மி.லி. அமிலத்தின் மொத்தச் செறிவு 0.04, சோடியம் 0.02. pH 1.895 என்றால் ஹைட்ரஜன் அயனி 0.0127. மின்சுமை சமனாக வேண்டும் என்பதால் ஹைட்ரஜன் ஆக்சலேட்டு 0.02 + 0.0127, அதாவது 0.0327. பிரியாமல் மிச்சம் இருக்கும் அமிலம் 0.0073. இப்போது K1 = 0.0127 × 0.0327 ÷ 0.0073. வருவது சுமார் 0.057, pKa1 1.24. சரியாக வந்துவிட்டது. ஆனால் pH-இல் 0.02 பிழை இருந்தால் pKa1-இல் 0.07 பிழை வரும், ஏனென்றால் பிரியாத அமிலம் என்பது ஒரு பெரிய எண்ணிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழித்து வரும் சின்ன மிச்சம். மாணவர்களுக்கு இந்த ஒரு கணக்கைப் போட வைத்தாலே ஆக்சாலிக் அமிலத்தை மேசையில் வைத்ததற்குப் பலன் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. செறிவைக் குறைத்தால் என்ன ஆகும்? காரமும் அமிலமும் மிச்சமாகும் என்று ஒரு வருடம் பத்து மடங்கு நீர்த்துச் செய்து பார்த்தோம். 0.005 M அமிலம், 0.01 M காரம். முதல் வளைவு முழுக்கக் காணாமல் போனது. கணக்கும் அதையே சொல்கிறது. 10 மி.லி.யில் சரிவு மி.லி.க்கு 0.19, தாங்கல் நடுவில் 0.17. இரண்டும் ஒன்றுதான். pKa இடைவெளி அப்படியே 3-ஆக இருக்கும்போதும் படி அழிந்துவிட்டது. நீர்த்த கரைசலில் ஹைட்ரஜன் ஆக்சலேட்டு தானே பிரிந்து கணிசமான ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துவிடுகிறது. எதிர்த்திசையில் போய் 0.5 M எடுத்தாலும் சரிவு 0.7-ஐத் தாண்டாது. அதற்குள் சோடியம் ஆக்சலேட்டின் கரைதிறன் குறுக்கே வரும். அறை வெப்பநிலையில் 100 மி.லி. நீரில் 4 கிராம்கூடக் கரையாத உப்பு அது.

ஆகவே "pKa இடைவெளி 4-க்கு மேல் இருந்தால் இரண்டு படி தனித்தனியாகத் தெரியும்" என்ற விதியை அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அதோடு, pKa1 ரொம்பச் சிறியதாகி முதல் புள்ளியின் pH 3-க்குக் கீழே போகக் கூடாது, pKa2 10 பக்கம் போய் இரண்டாவது ஏற்றம் மழுங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கந்தக அமிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதல் ஹைட்ரஜன் முழுக்கப் பிரிகிறது, இரண்டாவதன் pKa சுமார் 2. இடைவெளி என்று பார்த்தால் பெரிது. ஆனாலும் வரைகோட்டில் ஒரே ஒரு ஏற்றம்தான் வரும்.

மாலியிக் எங்கே வித்தியாசப்படுகிறது என்றால், அதன் வடிவத்தில். இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இரண்டு கார்பாக்சில் தொகுதியும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு ஹைட்ரஜன் போனதும் மிச்சமுள்ள ஹைட்ரஜனை அந்த இரண்டும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்பால். அதனால் இரண்டாவது ஹைட்ரஜன் சுலபத்தில் வெளியே வராது, pKa2 6-க்கு மேலே ஏறிவிடுகிறது. இதே அணுக்களோடு எதிர்ப் பக்கங்களில் தொகுதிகள் உள்ள பியூமாரிக் அமிலத்துக்கு இடைவெளி ஒன்றரை அலகுக்குள் அடங்கிவிடும். ஆக்சாலிக்கில் இரண்டு தொகுதிகளும் நேரடியாக ஒட்டியிருப்பதால் ஒன்று மற்றொன்றின் எலக்ட்ரானை இழுக்கிறது. முதல் ஹைட்ரஜன் எளிதில் போவதற்கும் அதுதான் காரணம்.

மாலியிக்குக்கு எதிராக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, அதன் இரண்டாவது ஏற்றம் ஆக்சாலிக்கினுடையதைவிடச் சிறியது. அட்டவணையில் 19.9-லிருந்து 20.1 வரை ஆக்சாலிக் 4.1 அலகு தாவுகிறது, மாலியிக் 2.2 அலகுதான். முதல் படிக்குக் கிடைத்த இடம் இரண்டாவதிலிருந்து எடுத்ததுதான். 2.2 என்பதும் தாராளம், பினால்ப்தலீனில் ஒரு சொட்டில் நிறம் மாறிவிடும். இரண்டாவது, அது பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமாக இருப்பதில்லை, தனியாகச் சொல்லி வாங்க வேண்டும். வாங்கும்போது பெயரைக் கவனமாக எழுதுங்கள். ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம் வேறு, மாலோனிக் வேறு. மாலோனிக்கின் இடைவெளி ஆக்சாலிக்கை விடக் கொஞ்சம் குறைவு. எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒரு முறை கேட்டார், "ஏனுங்க சார், எல்லாம் ஒரே மாதிரி பேரா இருக்குதே, எதுன்னு சொல்றதுங்க?" அன்றிலிருந்து வாய்பாட்டையும் சேர்த்து எழுதித்தான் கொடுக்கிறோம்: HOOC-CH=CH-COOH, இரு தொகுதியும் ஒரே பக்கம்.

நிறங்காட்டியைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஆக்சாலிக்கின் முதல் புள்ளியை மெத்தில் ஆரஞ்சால் பிடிக்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். சோடியம் கார்பனேட்டில் இரண்டு நிறங்காட்டி போட்டுப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் நடுவில் நிறம் மாறும். ஆக்சாலிக்கின் வரைகோட்டில் pH 3.1 வருவது 10.25 மி.லி.யில், 4.4 வருவது 15.7 மி.லி.யில். அதாவது சிவப்பு மெல்ல ஆரஞ்சாகி, ஆரஞ்சு மெல்ல மஞ்சளாகி, ஐந்தரை மி.லி. நேரம் மாறிக்கொண்டே இருக்கும். எங்கே நிறுத்தினாலும் அது அவரவர் கண்ணின் முடிவு. செய்து பார்க்கச் சொல்லலாம், பாடமாகப் பதியும். அளவுக்கு அது ஆகாது.

சரி, முதல் புள்ளி தெரியாவிட்டால் அதனால் என்ன நட்டம்? சுத்தமான ஆக்சாலிக் அமிலம் என்றால் ஒன்றும் இல்லை. இரண்டாவது புள்ளி 20.00 என்று ஒரு சொட்டுக்குள் கிடைக்கிறது. அதில் பாதி முதல் புள்ளி. வரைகோட்டில் தேடிக் கண்டுபிடிப்பதைவிட அது பத்து மடங்கு துல்லியம். ஆனால் அமிலத்தில் வேறு ஒரு வலிமையான அமிலம் கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் கதை மாறும். அப்போது இரண்டாவது புள்ளி முதல் புள்ளியின் இரண்டு மடங்காக இருக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இருகாரத்துவ அமிலத்தின் அளவு, மிச்சம் கலப்பின் அளவு. அந்தக் கணக்குக்கு முதல் புள்ளி தனியாகத் தெரிந்தே ஆக வேண்டும். ஆக்சாலிக்கில் 3 விழுக்காடு பிழையோடு அதைச் செய்ய முடியாது, மாலியிக்கில் செய்யலாம்.

மீட்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெரும்பாலான ஆய்வகத்தில் pH 4 தாங்கலும் 7 தாங்கலும் வைத்துத்தான் அளவு சரிபார்க்கிறோம். இந்தச் சோதனையின் முதல் பாதி முழுக்க 1.5-க்கும் 3-க்கும் நடுவில் நடக்கிறது, சரிபார்த்த எல்லைக்கு வெளியே. 1.68 தாங்கல் ஒன்றை வாங்கி வையுங்கள். அந்தத் தாங்கலே பொட்டாசியம் டெட்ரா ஆக்சலேட்டு என்ற ஆக்சாலிக் உப்பில் செய்தது என்று சொன்னால் மாணவர்கள் ஆர்வமாகிவிடுகிறார்கள்.

இன்னொன்று, மேலே உள்ள அட்டவணை செறிவுகளை மட்டும் வைத்துப் போட்டது. உண்மையான கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று பாதிக்கும். இரண்டு மின்சுமை உள்ள ஆக்சலேட்டுக்கு அந்தப் பாதிப்பு அதிகம். ஆகவே 15 மி.லி.யில் மீட்டர் 4.27 காட்டாது, 4.0-ஐ ஒட்டிக் காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். புத்தக மதிப்பு ரொம்ப நீர்த்த கரைசலுக்கு உரியது.

தண்ணீரும் முக்கியம். கொங்குப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. எங்கள் கல்லூரியில் ஒரு கோடையில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோய், யாரோ குழாய்த் தண்ணீரில் ஆக்சாலிக் கரைசல் போட்டுவிட்டார்கள். கரைசல் மங்கலாக, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அது கால்சியம் ஆக்சலேட்டு. தண்ணீரின் பைகார்பனேட்டும் அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். காரத்தன்மை லிட்டருக்கு 300 மி.கி. என்று வைத்தால், 20 மி.லி.யில் உள்ள அமிலத்தில் 6 விழுக்காடு வரைக்கும் போகலாம், முடிவுநிலையில் அது 1 மி.லி.க்கு மேல். கரைசல் கண்ணாடிபோல் தெளிவாக இல்லாவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஆக்சாலிக் விஷம் என்பதால் கொட்டும்போது நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சவே கூடாது, ரப்பர் பல்பு வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் எடுத்த முடிவு இது. "இரண்டு சமானப் புள்ளி" என்ற தலைப்பில் நடக்கும் சோதனைக்கு மாலியிக் அமிலம். 9-லிருந்து 11 வரை 0.2 மி.லி. வீதம் சேர்த்தால் படி அங்கேயே கண்ணுக்குத் தெரிகிறது, யாரும் பென்சிலால் செய்ய வேண்டியதில்லை. அடுத்த வாரம் அதே மேசையில் ஆக்சாலிக். அதில் முதல் படியைக் குறிக்கச் சொல்வதில்லை. அது ஏன் மங்குகிறது என்று இரண்டு வரைகோட்டையும் மேலே மேலே வைத்துப் பார்த்து எழுதச் சொல்கிறேன், 5 மி.லி. புள்ளியிலிருந்து K1-ஐக் கணக்கிடச் சொல்கிறேன். காரத்தின் செறிவைக் கண்டுபிடிக்க எப்போதும்போல ஆக்சாலிக்கும் பினால்ப்தலீனும்தான். அந்த வேலைக்கு 4.1 அலகு தாவும் இரண்டாவது புள்ளியைவிட நல்லது கிடைக்காது. மாலியிக் வாங்க முடியாத கல்லூரியில், இருப்பதை வைத்தே செய்யலாம், 0.05 M-க்குக் கீழே மட்டும் நீர்க்க வேண்டாம். முதல் புள்ளிக்கு மதிப்பெண்ணும் வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த நாளில் திருப்பூரில் பனியன் துணி சாயப்பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் போன் செய்தார். துணியில் துருக்கறை எடுக்க ஆக்சாலிக் தொட்டி வைத்திருக்கிறார்கள். "மாப்பிள்ள, தொட்டில எவ்வளவு ஆசிட் மிச்சம் இருக்குதுன்னு பாக்கோணும். மீட்டர் ஒண்ணு வாங்கி முதல் ஏற்றத்துல நிறுத்திக்கலாமுங்களா? காரம் பாதி மிச்சமாகும்."

வேண்டாம் என்றேன். பாதிக் காரம் மிச்சமாகும், ஆனால் அளவு போய்விடும். புதிதாகக் கலந்த தொட்டி என்றால் பினால்ப்தலீன் போட்டு இரண்டாவது புள்ளி வரை போங்கள், மீட்டரே தேவையில்லை. இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். துணி பல தடவை போய்வந்த தொட்டி என்றால் அதுவும் சரிப்படாது. துருவின் இரும்பு ஆக்சலேட்டோடு சேர்ந்து கரைந்திருக்கும், காரம் விட விட அது பழுப்பாகப் படியும், காரத்தையும் குடிக்கும். முடிவுநிலை தள்ளிப்போய், அமிலம் நிறைய இருப்பதாகக் காட்டும். அதற்குக் கந்தக அமிலம் சேர்த்து, 60-லிருந்து 70 டிகிரி வரை சூடாக்கி, பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்க வேண்டும். அது மொத்த ஆக்சலேட்டைச் சொல்லும், இரும்போடு கட்டுண்டதையும் சேர்த்து. கறை எடுக்கக் கைவசம் எவ்வளவு சுதந்திரமான அமிலம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, புதுத் தொட்டியின் பெர்மாங்கனேட் அளவை முதல் நாளே எழுதி வைத்து, அதோடு மட்டும் ஒப்பிடச் சொன்னேன். மச்சான் மீட்டர் வாங்கவில்லை. பெர்மாங்கனேட் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார்.